சேற்றில் இறங்கும் காலுக்குச் செருப்பா, பூட்ஸா?

விருத்தாசலம் வட்டாரத்தில் சம்பா நடவுக்கு முன்பு நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஒரு தீர்மானம் வந்தது. "நடவு வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இலவசமாக வழங்க வேண்டும்" என்பது தீர்மானம். அதை எழுதியவர்கள் நாமேதான். கோரிக்கை நியாயமானது, யார் எதிர்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தோம். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு வயதான தாய் எழுந்து நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் நாற்று நட்ட கை அவருடையது. "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கே. அந்த பூட்ஸை மாட்டிக்கிட்டு நீ ஒரு முடி நட்டுக் காமி. அப்புறம் நாங்க கை தூக்குறோம்" என்றார்.

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. மறுநாள் காலையில், பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தோழர் ஒருவரிடம் அவர் தொழிலில் போடும் முழங்கால் பூட்ஸை இரவல் வாங்கிக்கொண்டு சேடையோட்டிய வயலில் இறங்கினோம். முதல் எட்டு போயிற்று. இரண்டாம் எட்டு எடுத்தபோது கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. குனிந்து இரு கையாலும் அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் அதனுள் சேற்று நீர் புகுந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் நட்டது கால் முடி. நட்டதிலும் பாதி, பூட்ஸ் தடம் பதிந்த குழியில் மிதந்தது. தீர்மானம் அன்றே திருத்தப்பட்டது.

அந்தத் திருத்தம் எப்படி, ஏன் என்பதைத்தான் இந்த வாரம் வாசகத் தோழர்கள் முன் வைக்கிறோம். "பூட்ஸ் கொடு" என்று சொல்லிவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பது எவ்வளவு தவறோ, "சேற்றில் வேலை செய்கிறவனுக்கு எதற்குச் செருப்பும் பூட்ஸும்" என்று பண்ணையார் கேட்பதும் அவ்வளவு தவறு. காலைக் காப்பது எது என்பதை வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கெட்டித் தரையும் அடியில்லாச் சேறும்

நம் ஊர் பீங்கான் ஊர். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும் இடத்தில் தரை எப்போதும் ஈரமாக, வழுக்கலாக இருக்கிறது. அங்கே ரப்பர் பூட்ஸ் நல்ல துணை. காரணம், அந்த ஈரத்தின் அடியில் சிமெண்டுத் தரை இருக்கிறது. பாதம் புதைவதில்லை. நீர் வெளியே நிற்கிறது, கால் உள்ளே நிற்கிறது.

வயலில் கதையே வேறு. சேடை ஓட்டிப் பறம்படித்த நிலத்தில் அரையடி ஆழம் வரை குழைந்த களி. அதற்குக் கீழேதான் ஏர்க்கொழு அமுக்கி அமுக்கி இறுகிய அடிநிலம். களியில் பூட்ஸ் இறங்கும்போது அதன் அகன்ற அடிப்பாகத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் காற்று புக வழியில்லை. மேலே இழுக்கும்போது கீழே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் பூட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. வெறுங்கால் அப்படியல்ல. நடவுப் பெண்கள் காலை எடுக்கும் விதத்தைக் கூர்ந்து பாருங்கள். குதிகாலை முதலில் தூக்கி, விரல்களைக் குவித்து, பாதத்தைச் சற்றே திருப்பி உருவுகிறார்கள். குதிகால் எழும்போதே அடியில் நீரும் காற்றும் புகுந்துவிடுகின்றன. விறைத்த பூட்ஸுக்குள் மாட்டிக்கொண்ட பாதத்தால் இதைச் செய்ய முடியாது.

நடவு என்பது பின்னோக்கி நடந்து செய்யும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை காலை உருவ வேண்டியிருக்கிறது என்பதை நட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜோடி ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள பூட்ஸோடு இதைச் செய்தால் இடுப்பும் முழங்காலும் என்ன ஆகும்? பெரும்பாலான கடைகளில் கிடைப்பதும் ஆண்களின் அளவுதான். பெண்ணின் பாதத்துக்கு அது பெரிதாக இருக்கும். பெரிய பூட்ஸ் இன்னும் சுலபமாகச் சேற்றிலேயே தங்கிவிடும்.

ஜப்பானிய விவசாயிகள் நாற்றங்காலிலும் நடவிலும் ஒருவகை நீள்பூட்ஸ் போடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது நம் கடையில் தொங்கும் கனத்த பூட்ஸ் அல்ல. மெல்லிய ரப்பரில், பாதத்தோடும் கணுக்காலோடும் ஒட்டிக்கொள்ளும்படி, காலுறைபோல் செய்தது. விரல் அசையும், குதிகால் எழும். அப்படி ஒன்றை நம் பெண்களின் அளவில் செய்து கொடுக்கும் நாள் வந்தால் நடவிலும் பூட்ஸ் என்று நாமே முதலில் எழுதுவோம். அதுவரை கடைப் பூட்ஸை நடவு வயலில் திணிப்பது காலுக்குக் காவலாகாது, விலங்காகும்.

ஈரம் என்ன செய்கிறது?

வெறுங்காலோடு நட்டால் கால் என்ன ஆகிறது? சேற்றுப்புண் வருகிறது. இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் போர் வென்றாயிற்று.

பீங்கான் தொழிலாளிக்கு இதை ஒரே உவமையில் சொல்லலாம். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோம். அச்சு கூழிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. ஒரு தடவை வார்த்த அச்சைக் காயவைக்காமல் மீண்டும் மீண்டும் வார்த்தால் என்ன ஆகும்? அச்சு நனைந்து மெத்தென்றாகும், முனைகள் உதிரும், கடைசியில் எதற்கும் உதவாது. நல்ல தொழிலாளி அச்சைக் காயவைத்துத்தான் அடுத்த வார்ப்புக்கு எடுப்பான். மனிதனின் பாதத்துத் தோலும் அப்படித்தான். மேல்தோல் நீரை உறிஞ்சி ஊதுகிறது, வெளுக்கிறது, சுருங்கி மடிகிறது. காய விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். காயவிடாமல் நாளுக்கு நாள் நனைத்தால் வெடிக்கிறது.

முதலில் வெடிப்பது சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. விரல்கள் அங்கேதான் மிக நெருங்கி இருக்கின்றன, காற்றுப் போவதில்லை. வெளுத்து ஊறிய தோல், அரிப்பு, ஒருவித நாற்றம் ஆகியவை முதல் அடையாளங்கள். ஊறிய தோலில் பூஞ்சைக் கிருமி குடியேறுகிறது. பின்னர் தோல் வெடித்துச் சிவந்த சதை தெரிகிறது. அந்த வெடிப்பின் வழியே சீழ்க் கிருமி நுழைகிறது. ஆக, சேற்றுப்புண்ணின் வேர் சேற்றில் இல்லை. காயாத ஈரத்தில் இருக்கிறது. சேற்று நீரை வெளியே நிறுத்துகிறேன் என்று பூட்ஸ் மாட்டி, அதனுள் வியர்வையில் எட்டு மணி நேரம் காலை ஊற வைத்தாலும் இதே புண் வரும். பூட்ஸுக்குள் நீர் புகுந்துவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை.

வியட்நாம் வயல்கள் கற்பித்த பாடம்

இதற்கு உலகறிந்த சாட்சி இருக்கிறது. 1960-களில் வியட்நாம் மக்கள்மீது படையெடுத்து வந்த அமெரிக்க ராணுவம், மீகாங் டெல்டாவின் நெல்வயல்களில் தன் சிப்பாய்களை நாட்கணக்கில் நடத்தியது. அவர்கள் காலில் இருந்தது நீர் வடியத் துளை வைத்த, காட்டுக்கென்றே செய்த பூட்ஸ். அப்படியும் இரண்டு மூன்று நாட்களில் பாதங்கள் வெளுத்து வீங்கி, நடக்க முடியாமல் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். குண்டு பட்டு விழுந்தவர்களோடு கால் புண்ணால் விழுந்தவர்களையும் எண்ண வேண்டியதாயிற்று. ராணுவ டாக்டர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு எளிமையானது. ஒரு படையை 48 மணி நேரத்துக்கு மேல் வயல் நீரில் வைக்கக் கூடாது. பிறகு 24 மணி நேரம் காலை உலர விட வேண்டும். ஒவ்வொரு நாளும் சுமார் 8 மணி நேரமாவது கால் காய்ந்திருந்தால் பெரும்பாலும் புண் வருவதில்லை.

எதிர்ப்புறத்தில் வியட்நாம் விடுதலைப் படையினர் எதை அணிந்திருந்தார்கள்? பழைய லாரி டயரை அறுத்து, உள்டியூபை வாராக்கிச் செய்த செருப்பு. அது நீரைத் தடுக்கவில்லை. ஆனால் நீரைத் தேக்கவும் இல்லை. வயலை விட்டு ஏறிய உடனே கால் காயத் தொடங்கும். நம் ஊர்ச் சந்தையில் ஒரு காலத்தில் விற்ற அதே டயர் செருப்புதான். கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த பூட்ஸால் ஆகாததை அந்தச் செருப்பு செய்தது என்றால், அதன் ரகசியம் ஒன்றே ஒன்று: காற்று.

ஒரு நாளின் கணக்கு

இந்த 8 மணி நேரக் கணக்கை நம் நடவுப் பெண் ஒருவரின் நாளில் வைத்துப் பார்ப்போம். மேலே சொன்ன தாயிடமும் அவருடன் நடவுக்குப் போகும் பெண்களிடமும் கேட்டு எழுதிய கணக்கு இது.

காலை 5 மணிக்கு வாசல் தெளித்து, மாட்டுக் கொட்டகை அள்ளி, பாத்திரம் துலக்கத் தொடங்கும்போதே கால் நனைந்துவிடுகிறது. 7.30-க்கு வயலில் இறங்கினால் மாலை 4 மணிக்குத்தான் ஏறுகிறார்கள். நடுவில் கஞ்சி குடிக்கும் அரைமணியும் வரப்பில் உட்கார்ந்து காலைச் சேற்றிலேயே தொங்கவிட்டபடிதான். வீட்டுக்கு நடக்கும்போது காலில் சேறு காய்ந்ததுபோல் தெரிகிறது. மேலேதான் காய்ந்திருக்கிறது. விரலிடுக்கில் அப்படியே ஈரம். 5 மணிக்குக் கால் கழுவினாலும் துடைப்பதில்லை. உடனே துணி துவைக்க, பாத்திரம் துலக்க, தண்ணீர் பிடிக்க என்று 7.30 வரை மறுபடி ஈரம். அதன் பிறகும் விரலிடுக்கு தானாகக் காய இரவு 9.30 ஆகிவிடுகிறது. மறுநாள் 5 மணிக்கு மறுபடி வாசல் தெளிப்பு. ஆகக் கால் உண்மையில் காய்ந்திருப்பது ஏழரை மணி நேரம். எல்லைக்கு அரைமணி குறைவு. அதுவும் ஒரு நாளைக்கல்ல. ஏக்கர் கணக்கில் காண்ட்ராக்ட் எடுத்து நடும் கோஷ்டியில் இருபது, இருபத்தைந்து நாள் இடைவிடாமல்.

அதே பெண் மாலை 5 மணிக்குக் காலைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த பழந்துணியால் ஒற்றித் துடைத்து, அதற்குமேல் காலை நனைக்காமல் இருக்க முடிந்தால்? மறுநாள் 5 மணி வரை 12 மணி நேரம் கால் காய்கிறது. ஏழரை மணி பன்னிரண்டு மணியாகிறது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அந்த மாலைப் பாத்திரத்தையும் துணியையும் வேறு யாராவது துலக்க வேண்டும். வீட்டில் ஆண் தோழர்கள் இருக்கிறார்களல்லவா? பெண் விடுதலை பற்றி மேடையில் பேசுகிற நாம் நடவு முடிகிற வரையாவது இந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆண் நடவு நடுவதில்லை. அவன் கால் நண்பகலுக்கே காய்ந்துவிடுகிறது. சேற்றுப்புண் பெண்ணுக்கே அதிகம் வருவதற்குக் காரணம் சேறு மட்டுமல்ல, சேற்றுக்குப் பின் வரும் வீட்டு வேலையும்தான்.

செருப்பின் இடம்

அப்படியானால் செருப்பு எங்கே? வயலுக்குள் அல்ல. சேற்றில் ஹவாய் செருப்பு போட்டால் வார் பிய்ந்து போகும், ஈர வரப்பில் வழுக்கி விழ வேண்டும். செருப்பின் இடம் வரப்பு, வண்டித்தடம், களம், தோப்பு.

குறிப்பாகத் தோப்பு. விருத்தாசலத்தைச் சுற்றிச் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள் இருக்கின்றன. நிழல், ஈரம், இலைச் சருகு, இளகிய மண். மலம் கழிக்க ஜனங்கள் ஒதுங்கும் இடமும் அதுவே. கொக்கிப்புழுவுக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது. மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு ஆகிறது. வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. வயலில் நீர் நின்றால் இந்தப் புழு பிழைப்பது கடினம். அதனால்தான் சொல்கிறோம்: வயலில் வெறுங்கால், தோப்பில் செருப்பு. நம் வழக்கமோ இரண்டிலும் வெறுங்கால். செருப்பு முழுக் காவல் அல்ல. ஓரத்தில் ஒட்டிய மண் வழியாகவும் புழு ஏறும். கழிப்பறை வந்தால்தான் வேர் அறும். ஆனால் பாதி ஆபத்தைச் செருப்பு தடுக்கிறது.

பின்பட்டை உள்ள, கனத்த அடியுள்ள செருப்பே வேலைக்கு ஏற்றது. சீமைக் கருவேல முள் ஹவாய் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறும். டயர் அடியைத் துளைப்பது அரிது.

செருப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறக்க முடியாது. சேரியிலிருந்து வருகிறவன் ஊர்த் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. சட்டம் 1955-லேயே தீண்டாமையைக் குற்றமாக்கிற்று. அதன் பிறகும் பல ஊர்களில் இந்த வழக்கம் தொடர்ந்தது. வேலைக்குப் போகிறவன் காலில் செருப்பில்லாமல் போனது ஏழ்மையால் மட்டுமல்ல. தலைமுறை தலைமுறையாகக் கழற்ற வைத்துப் பழக்கப்படுத்திய கால் அது. "எங்களுக்கு வெறுங்கால்தான் பழக்கம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பழக்கம் யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும்.

பூட்ஸின் இடம்

பூட்ஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாமல் செய்யக் கூடாத வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, அறுவடையும் இரவு நேர நீர்ப்பாய்ச்சலும். கதிர் முற்றிய வயலில் நீர் வடிந்து தரை இறுகிவிடுகிறது. எலி வருகிறது, எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வருகிறது. கதிரறுக்கும்போதும், மடை திருப்ப இருட்டில் வரப்பில் நடக்கும்போதும் கடி விழுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கெட்டித் தரையில் முழங்கால்வரை பூட்ஸ் போட்டு நடப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. பர்மாவில் — இன்றைய மியான்மரில் — விரியன் மிகுந்த நெல் வட்டாரங்களில் இலேசான பூட்ஸ் செய்து விவசாயிகளிடம் கொடுத்துப் பரீட்சித்தார்கள். அந்த வழியில் நம் சர்க்காரும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து தெளிப்பு. 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே மருந்து தெளிப்பவருக்குக் கையுறை, பூட்ஸ் முதலிய பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன. விதி காகிதத்தில் இருக்கிறது, தொழிலாளி வெறுங்காலோடு இருக்கிறான். இங்கே ஒரு நுணுக்கம். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே சொருகினால் வழிகிற மருந்து பூட்ஸுக்குள் இறங்கி நாள் முழுவதும் தோலோடு ஒட்டி நிற்கும். வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

மூன்றாவது, மாட்டுக் கொட்டகை, எரு அள்ளுதல், எலி நடமாடும் தேங்கிய வாய்க்கால் சுத்தம் செய்தல். அங்கேதான் எலிக்காய்ச்சல் கிருமி காத்திருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த நீர், வெடித்த தோல் வழியே உள்ளே போகிறது.

பூட்ஸ் போடுகிறவர் செய்ய வேண்டியவை சில உண்டு. பருத்திக் காலுறை இரண்டு ஜோடி இருக்க வேண்டும், ஒன்று காயும்போது மற்றொன்று. கஞ்சி வேளையில் பூட்ஸைக் கழற்றிக் காலுக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். உள்ளே நீர் புகுந்தால் அப்போதே கழற்றிக் கொட்ட வேண்டும். மாலையில் இரண்டு குச்சி நட்டு அதன்மேல் கவிழ்த்து வைக்கலாம். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். நம் பத்திரிகையின் படித்து முடித்த இதழ் அதற்குப் பயன்பட்டாலும் நமக்கு வருத்தமில்லை. காலையில் மாட்டுமுன் தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தேளும் அங்கே குடியிருக்கும். ஒருவர் பூட்ஸை ஒருவர் மாற்றிப் போடக் கூடாது. பண்ணைக்கு இரண்டு ஜோடி வாங்கிப் பத்துப் பேருக்குக் கொடுத்தேன் என்று கணக்குக் காட்டுகிற முதலாளி, புண்ணைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறார்.

புண் வந்தபின்

நடவுக்கு முதல் நாள் இரவு விரலிடுக்கிலும் பாதத்திலும் மருதாணி அரைத்து வைப்பது நம் பெண்களின் பழைய வழக்கம். அதில் சாரமுண்டு. மருதாணி தோலை இறுக்குகிறது, பூஞ்சையையும் ஓரளவு தடுக்கிறது. புண் திறந்த பிறகு வைப்பதில் பயனில்லை. வயலில் இறங்குமுன் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ மெல்லத் தடவினால் நீர் ஊறுவது தாமதப்படும்.

அரிப்பும் வெளுப்பும் மட்டும் இருக்கும்போது, ஒரு வாளி நீரில் வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டுப் பத்து நிமிஷம் காலை வைத்துத் துடைக்கலாம். நிறம் கருத்தால் தோல் வெந்துபோகும். குளோட்ரிமசோல் களிம்பை இரு வேளை, அரிப்பு நின்ற பிறகும் விடாமல் இரண்டு முதல் நாலு வாரம் தடவ வேண்டும். நம் தோழர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றதும் விட்டுவிடுகிறார்கள். அல்லது கடைக்காரர் கொடுக்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுகிறார்கள். அது அரிப்பை ஒரே நாளில் அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர், மயில்துத்தம் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? புறங்கால் சிவந்து வீங்கி மேலே ஏறினால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். பழைய தென்னாற்காடு மாவட்டம் யானைக்கால் நோய் கண்ட மாவட்டம். கொசுவால் வரும் புழு நிணநீர்க் குழாயைக் கெடுக்கிறது. ஆனால் காலை யானைக்காலாக்குவது, விரலிடுக்குப் புண் வழியே மீண்டும் மீண்டும் நுழையும் சீழ்க் கிருமியின் தாக்குதல்தான். ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் வீக்கத்தை நிரந்தரமாக விட்டுப் போகிறது. யானைக்கால் நோயாளிக்கு டாக்டர் சொல்லும் முதல் வைத்தியமே தினமும் சோப்பிட்டுக் கழுவி இடுக்கைத் துடைப்பதுதான்.

காய்ச்சலோடு ஆடுசதையில் கடும் வலியும் கண் சிவப்பும் வந்தால், "நான் வயல் நீரில் வேலை செய்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் என்று அவர் அப்போதுதான் சந்தேகிப்பார். முதல் நாட்களில் கொடுக்கும் மருந்துக்கு அது கட்டுப்படும்.

சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ பாதம் மரத்துப் போனவர் எந்த வயலிலும் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. முள் குத்தியதும் தெரியாது, சுடுநீர் சுட்டதும் தெரியாது. 1950-களில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களை ஆராய்ந்தபோது, விரல்கள் போவதற்குக் காரணம் நோய் மட்டுமல்ல, உணராமல் பட்ட காயங்கள்தான் என்று காட்டினார். அந்தக் காலத்திலிருந்து வளர்ந்ததே மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடி வைத்த செருப்பு. இவர்களுக்கு மேட்டு வேலையும் இந்தச் செருப்பும் கொடுப்பது சலுகை அல்ல, உரிமை.

திருத்திய தீர்மானம்

அந்தக் கூட்டத்தில் கடைசியில் கை தூக்கி நிறைவேறியது இதுதான். நடவு, களைபறிப்புக் காலத்தில் நண்பகலில் முழு அரைமணி ஓய்வு. அந்த நேரம் மேட்டில் காலைக் கழுவித் துடைத்து உலர்த்துவதற்கு. கழுவ நல்ல நீரை நிலச் சொந்தக்காரர் தர வேண்டும். தொடர்ந்து ஆறு நாள் சேற்று வேலை என்பது கூடாது; இரண்டு நாள் சேறு, ஒரு நாள் மேட்டு வேலை என்று கோஷ்டி மாற்றிக்கொள்ள வேண்டும்; அந்த ஒரு நாளுக்குக் கூலி குறையக் கூடாது. அறுவடைக்கும், மருந்து தெளிப்புக்கும், இரவு நீர்ப்பாய்ச்சலுக்கும் ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ், அவரவர் அளவில், வேலை கொடுப்பவர் செலவில். கூட்டுறவுச் சங்கங்கள் பெண்களின் அளவு உட்பட எல்லா அளவும் இருப்பு வைக்க வேண்டும். நடவுக் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஒருவர் வாரம் ஒருமுறை வயலுக்கே வந்து கால்களைப் பார்த்துக் களிம்பு கொடுக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளியின் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2001-ல் 184-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்திய சர்க்கார் அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. ஏற்கும்படி கேட்போம். அதே சமயம், நாளைக் காலையே தொடங்கக் கூடிய வேலையும் இருக்கிறது: ஒரு வாளி நீர், ஒரு பழந்துணி, அரைமணி நேரம், மாலையில் பாத்திரம் துலக்க இன்னொரு ஜோடிக் கை.

அந்தத் தாய் கூட்டம் முடிந்து போகும்போது நம்மிடம் சொன்னார்: "இப்ப எழுதினது சரி, தம்பி. ஆனா அரைமணி நேரத்தைப் பண்ணை குடுக்காது, நாமதான் வரப்புல ஏறி உக்காரணும்." எல்லாரும் ஒன்றாக ஏறி உட்கார்ந்தால் யார் இறக்கிவிட முடியும்?